முலாம் பூசிய மோதிரத்தில் எவ்வளவு தங்கம்? கரட் தராசே பதில் சொல்லும்

கஹவத்தையில் மாணிக்கக் கல் வாங்கி விற்கும் நம்மவர்களில் பலர் இப்போது கல்லை வெறும் கல்லாக மட்டும் விற்பதில்லை. விலை குறைந்த கார்னெட், சிறிய நீலம், வெள்ளைப் புஷ்பராகம் போன்றவற்றை வெள்ளி மோதிரத்தில் பதித்து, அதற்குத் தங்க முலாம் பூசி விற்கிறார்கள். கல்லின் இலாபத்தோடு மோதிரத்தின் இலாபமும் சேர்கிறது. நானும் அப்படித்தான் இறங்கினேன். இறங்கிய முதல் தடவையே சூடு பட்டேன். அந்தச் சூட்டில் கற்றுக்கொண்ட ஒரு கணக்கை இந்த வாரம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஐம்பது வெள்ளி மோதிரங்கள். பத்தர் செய்து, கல் பதித்து, மெருகேற்றித் தந்தார். கொழும்பில் ஒரு முலாம் பட்டறையில் கொடுத்தேன். "ஒரு மைக்ரோன் தங்கம் போடுவோம்" என்றார்கள். ஒரு மைக்ரோனுக்கு உரிய கூலியும் வாங்கினார்கள். மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. மோதிரங்கள் பளபளவென்று வந்தன. வெளியூர் வியாபாரி ஒருவர் மொத்தமாக வாங்கிச் சென்றார். மூன்று மாதம் கழித்து அதில் பதினெட்டு மோதிரங்கள் திரும்பி வந்தன. விரலின் உட்பக்கம் படுகிற வளையத்தின் அடிப்பகுதியில் தங்க நிறம் போய் வெள்ளி தெரிந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பணத்தை விடப் பெயர் போனதுதான் எனக்கு நோவாக இருந்தது.

பட்டறைக்குப் போய்க் கேட்டேன். வேலை செய்த இளைஞர் என்னை ஏமாற்ற நினைத்தவரல்லர் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. "நாநா, நீங்களும் பக்கத்துல நின்னு பார்த்தீங்கதானே. முழு மோதிரமும் தங்க நிறமா வந்த பிறகுதானே வெளியில எடுத்தேன்" என்றார். உண்மைதான். நானும் நின்று பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பத்து மோதிரத்தைக் கம்பியில் கோத்துத் தொட்டியில் இறக்கினார். அரை நிமிடம் சென்றது. நிறம் வந்தது. எடுத்தார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் என் மகள் குறுக்கிட்டாள். "எத்தனை அம்பியர் கரண்ட் ஓடினது, எவ்வளவு நேரம் ஓடினது, கரைசல்ல இருக்கிற தங்க அயனுக்கு ஏற்றம் எத்தனை, இந்த மூணையும் கேட்டீங்களா வாப்பா? அது தெரிஞ்சா எத்தனை மில்லிகிராம் தங்கம் ஏறியிருக்கும்னு சொல்லலாமே" என்றாள். நான் கேட்கவில்லை. ஆனால் அம்பியர் மானியின் முள் எங்கே நின்றது என்பது நினைவில் இருந்தது. அரை அம்பியர்.

மின்சாரம் என்னும் கூலி

முலாம் தொட்டியில் நடப்பதை ஒரு வியாபாரியின் கண்ணால் பார்த்தால் இலகுவாக விளங்கும். கரைசலில் தங்கம் உருகிக் கிடக்கவில்லை. ஒவ்வொரு தங்க அணுவும் இலத்திரனை இழந்த நிலையில் மிதக்கிறது. அப்படி இலத்திரன் இழந்த அணுவைத்தான் அயன் என்கிறார்கள். எத்தனை இலத்திரனை இழந்திருக்கிறதோ அதுவே அதன் ஏற்றம். மோதிரத்தில் வந்து உலோகமாக ஒட்டிக்கொள்ள வேண்டுமானால், இழந்ததை அந்த அணுவுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதைக் கொடுப்பது மறைமுனையில் தொங்கும் மோதிரம் வழியாக வரும் மின்சாரம்.

ஆகவே இது ஒரு கூலிக் கணக்கு. ஓர் அணுவை இறக்கிவைக்க, ஏற்றம் ஒன்றானால் ஓர் இலத்திரன் கூலி. ஏற்றம் இரண்டானால் இரண்டு. மூன்றானால் மூன்று. கூலியைக் கொடுக்காமல் ஓர் அணுவும் இறங்காது. எத்தனை இலத்திரன் சென்றது என்பதை அம்பியரும் நேரமும் சேர்ந்து சொல்லிவிடும். ஓர் அம்பியர் மின்சாரம் ஒரு செக்கன் ஓடினால் அது ஒரு கூலோம். அரை அம்பியர் முப்பது செக்கன் ஓடினால் பதினைந்து கூலோம். பெருக்கல் கணக்கு, அவ்வளவுதான்.

இந்த விதியைக் கண்டு சொன்னவர் இலண்டனில் வாழ்ந்த மைக்கல் பரடே. இரும்புக் கொல்லர் ஒருவரின் மகன். புத்தகம் கட்டும் தொழில் பழகிக்கொண்டிருந்தவர். 1833, 1834ஆம் ஆண்டுகளில் அவர் செய்த பரிசோதனைகளில் தெரிய வந்தது இதுதான்: இறங்கும் உலோகத்தின் நிறை, ஓடிய மின்சாரத்தின் மொத்த அளவுக்கு நேர்விகிதம். தொட்டி பெரிதா சிறிதா, கரைசல் செறிவா ஐதா என்பதெல்லாம் இந்தக் கூலிக் கணக்கை மாற்றுவதில்லை.

கணக்கில் சேர வேண்டிய எண் ஒன்றே ஒன்று. 96,485 கூலோம். ஏற்றம் ஒன்றுள்ள உலோகமானால், இத்தனை கூலோம் ஓடும்போது அதன் அணுநிறை எத்தனையோ அத்தனை கிராம் இறங்கும். ஏற்றம் இரண்டானால் அதில் பாதி. மூன்றானால் மூன்றில் ஒன்று. சூத்திரமாக எழுதினால் இப்படி:

நிறை (கிராம்) = அணுநிறை × அம்பியர் × செக்கன் ÷ (ஏற்றம் × 96,485)

தங்கத்தின் அணுநிறை 197. நகைப் பட்டறைகளில் வழக்கமாகப் பாவிக்கும் சயனைட்டுத் தங்கக் கரைசலில் தங்கத்தின் ஏற்றம் ஒன்று. 197ஐ 96,485ஆல் வகுத்தால், ஒரு கூலோமுக்கு 2.04 மில்லிகிராம் தங்கம். ஓர் அம்பியர் ஒரு நிமிடம் ஓடினால் சுமார் 122 மில்லிகிராம். இந்த ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

என் மோதிரத்துக்கு நடந்த கணக்கு

முதலில் ஒரு மைக்ரோனுக்கு எவ்வளவு தங்கம் வேண்டும் என்று பார்க்க வேண்டும். அதற்கு மோதிரத்தின் மேற்பரப்பு தெரிய வேண்டும். என் மோதிரத்தின் உள்விட்டம் 17.5 மில்லிமீற்றர். அகலம் 4 மில்லிமீற்றர். தடிப்பு 2 மில்லிமீற்றர். உள்வட்டத்தின் சுற்றளவை அகலத்தால் பெருக்கினால் 2.2 சதுர சென்ரிமீற்றர். வெளிவட்டத்துக்கு 2.7. இரண்டு விளிம்புகளுக்குமாக ஏறத்தாழ 2.4. கல் பதித்த தலைப்பகுதிக்குக் கண்மதிப்பாக 2.5. எல்லாம் சேர்த்து 10 சதுர சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டேன்.

தங்கத்தின் அடர்த்தி 19.3. ஆகவே ஒரு சதுர சென்ரிமீற்றரில் ஒரு மைக்ரோன் தடிப்புக்கு 1.93 மில்லிகிராம் தங்கம் வேண்டும். என் மோதிரம் ஒன்றுக்கு 19.3 மில்லிகிராம். பத்து மோதிரத்துக்கு 193. ஐம்பதுக்கு 965 மில்லிகிராம், அதாவது ஏறக்குறைய ஒரு கிராம்.

இனி உண்மையில் ஏறியது என்ன? பத்து மோதிரத்துக்கு அரை அம்பியர், முப்பது செக்கன். பதினைந்து கூலோம். அதை 2.04ஆல் பெருக்கினால் 30.6 மில்லிகிராம். இது பத்து மோதிரத்துக்கும் சேர்த்து. ஒரு மோதிரத்தில் மூன்று மில்லிகிராம். தடிப்பு 0.16 மைக்ரோன். கூலி கொடுத்தது ஒரு மைக்ரோனுக்கு, கிடைத்தது அதில் ஆறில் ஒரு பங்கு. ஐம்பது மோதிரத்துக்குமாகக் குறைந்த தங்கம் ஏறத்தாழ 800 மில்லிகிராம். ஒரு பவுண் எட்டுக் கிராம் என்றால், பவுணில் பத்திலொரு பங்கு.

அந்த இளைஞர் பொய் சொல்லவில்லை. அவருடைய அளவுகோல் கண். தங்க நிறம் வருவதற்கு ஒரு மைக்ரோன் தேவையே இல்லை. 0.1 மைக்ரோன் ஏறினாலே கண்ணுக்கு அது முழுத் தங்கமாகத் தெரியும். அதற்குப் பிறகு எவ்வளவு ஏறினாலும் நிறம் மாறாது. ஆகவே நிறத்தைப் பார்த்து எடுப்பவர் எப்போதும் குறைவாகவே போடுவார். காதணிக்கு அது ஓரளவு தாங்கும். நாள் முழுதும் தோலோடும் பாத்திரத்தோடும் உரசுகிற மோதிரத்துக்குத் தாங்காது.

நம் கையிலேயே உள்ள சாட்சி

இந்தக் கணக்கைச் சொன்னால் பட்டறைக்காரர் "அதெல்லாம் புத்தகக் கணக்கு" என்று சொல்லக்கூடும். அதற்கு நாம் எங்கும் போய்ச் சாட்சி தேட வேண்டியதில்லை. மாணிக்க வியாபாரி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் சாட்சி இருக்கிறது. அதுதான் கரட் தராசு.

ஒரு கரட் என்பது சரியாக 200 மில்லிகிராம். நாம் பாவிக்கும் சாதாரண மின்னணுத் தராசு கரட்டில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். அது 2 மில்லிகிராம். ஒரு மைக்ரோன் சரியாக ஏறிய என் மோதிரம் முன்பிருந்ததை விட 0.10 கரட் கூடுதலாக நிறுக்க வேண்டும். முதல் தடவை ஏறியதோ 0.015 கரட். தராசின் கடைசி இலக்கம் ஒன்றோ இரண்டோ அசைந்திருக்கும். கல்லை நிறுக்கும் தராசால் முலாமையும் நிறுக்கலாம் என்பது எனக்கு அதற்கு முன் தோன்றவேயில்லை.

ஒரு மோதிரத்தை மட்டும் நிறுத்தால் தராசின் சிறு பிழையே கணக்கைக் குழப்பிவிடும். ஆகவே மூன்று மோதிரங்களைச் சேர்த்து நிறுப்பது நல்லது. ஒவ்வொன்றும் ஐந்து கிராம் என்றால் மூன்றும் சேர்ந்து 75 கரட். நூறு கரட் தராசுக்குள் அடங்கும். ஒரு மைக்ரோன் ஏறியிருந்தால் 0.29 கரட் கூடும். அந்த வித்தியாசத்தைத் தராசு தயங்காமல் காட்டும்.

ஆனால் எப்போது நிறுப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மெருகேற்றும்போது வெள்ளி தேய்ந்து குறையும். ஆகவே மெருகுக்கு முன் நிறுத்துப் பயனில்லை. மெருகெல்லாம் முடிந்து, கழுவி, காய்ந்த பிறகு நிறுக்க வேண்டும். அதோடும் முடியவில்லை. பல பட்டறைகளில் தங்கத்துக்கு அடியில் வேறு உலோகம் ஒன்றை முதலில் போடுவார்கள். வெள்ளியும் செம்பும் நாளடைவில் மெல்லிய தங்கத்தினூடே ஊடுருவி மேலே வந்து கறுப்பதைத் தடுக்க, நிக்கல் போடுவது ஒரு வழக்கம். ஐந்து மைக்ரோன் நிக்கல் போட்டால் என் மோதிரத்தில் அது 44 மில்லிகிராம். ஒரு மைக்ரோன் தங்கத்தை விட இரண்டு மடங்குக்கு மேல். பட்டறைக்குக் கொடுக்கும்போது நிறுத்து, திரும்பி வந்தபின் நிறுத்தால், நிக்கலின் நிறையைத் தங்கம் என்று நினைத்து மகிழ்ந்துகொண்டிருப்போம். ஆகவே தங்கத் தொட்டியில் இறக்குவதற்குச் சற்று முன்பு ஒரு தடவை, எடுத்துக் காய்ந்த பின் ஒரு தடவை. இந்த இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் தங்கம். தோலில் நிக்கல் பட்டால் சிலருக்கு அரிப்பு உண்டாகும் என்பதால், அடியில் என்ன போடுகிறார்கள் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று ஈரம். கல்லுக்கும் அதன் இருக்கைக்கும் இடையில் ஒரு சொட்டு நீர் தங்கினால் போதும், அதுவே ஐந்து பத்து மில்லிகிராம். வெதுவெதுப்பான காற்றில் நன்றாகக் காய வைத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். நிறை குறைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். இரண்டு தடவையும் ஒரே எண் வந்தால் அதை நம்பலாம்.

கணக்கும் தராசும் ஒத்துப்போகாவிட்டால்

பரடேயின் கணக்கு சொல்வது ஆகக் கூடிய அளவு. அதற்கு மேல் ஏறாது. குறையலாம். ஏனென்றால் ஓடுகிற மின்சாரம் முழுவதும் தங்கத்துக்கே கூலியாகப் போவதில்லை. ஒரு பகுதி நீரைப் பிரித்து ஐதரசன் வாயுவாக்குவதில் செலவாகும். மோதிரத்தின் மேல் சிறு குமிழிகள் எழுவதைக் கண்டால் அதுதான். தங்கத்துக்குப் போன பங்கை வினைத்திறன் என்கிறார்கள்.

நகைக்குப் போடும் மென்மையான தங்கத்துக்கான கார சயனைட்டுக் கரைசலில் இது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேலும் வரும். ஆனால் கோபால்ற்று சேர்த்த அமிலக் கரைசல் ஒன்று உண்டு. அதில் இறங்கும் தங்கம் கடினமானது, தேய்மானத்தைத் தாங்கும். ஆனால் அதன் வினைத்திறன் நூற்றுக்கு முப்பது நாற்பதுதான். அரை அம்பியரில் பத்து மோதிரத்துக்கு ஒரு மைக்ரோன் போட, முழு வினைத்திறன் என்றால் மூன்று நிமிடமும் ஒன்பது செக்கனும் போதும். நூற்றுக்கு முப்பத்தைந்து என்றால் ஒன்பது நிமிடம் வேண்டும். அதே அம்பியர், அதே நேரம் என்று சொன்னாலும் கரைசல் மாறினால் தங்கம் மூன்றில் ஒன்றாகிவிடும்.

ஏற்றத்தாலும் இதே மாதிரி மூன்றிலொன்று ஆகலாம். சில தனிவகைக் கரைசல்களில் தங்கம் மூன்று ஏற்றத்தோடு இருக்கும். அங்கே ஓர் அணுவுக்கு மூன்று இலத்திரன் கூலி. ஓர் அம்பியர் நிமிடத்துக்கு 122 மில்லிகிராம் என்பது 41ஆகக் குறைந்துவிடும். வெள்ளை நிறத்துக்காக நீலக்கல் மோதிரத்துக்குப் போடும் றோடியமும் மூன்று ஏற்றம் உள்ளதுதான். ஆகவே கரைசலை வாங்கிய இடத்தில் தரும் தாளில் அம்பியர் நிமிடத்துக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் நேரத்தைக் கணிக்க வேண்டும். ஒரு கரைசலின் நேரத்தை இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

அம்பியரைக் கூட்டினால் நேரம் மிச்சமாகுமே என்று நினைப்பவர்களும் உண்டு. ஓரளவுக்குத்தான் முடியும். மோதிரத்தின் அருகில் உள்ள தங்க அயன்கள் தீர்ந்துபோகும் வேகத்துக்குப் புதியவை வந்து சேராவிட்டால், மிகுதி மின்சாரம் குமிழியாகவே போகும். முலாம் கருகி, மங்கி, மாவு போல் வரும். துணியால் துடைத்தால் கையோடு வந்துவிடும். நான் பார்த்த பட்டறையில் பத்து மோதிரத்துக்கு அரை அம்பியர் என்பது அளவான மின்சாரம்தான். குறையிருந்தது நேரத்தில் மட்டுமே.

கடைசியாக ஒரு வரையறையையும் சொல்ல வேண்டும். கணக்கும் தராசும் சொல்வது மொத்த நிறையை. அது மோதிரத்தில் எங்கே எவ்வளவு படிந்தது என்பதைச் சொல்லாது. மின்சாரம் கூர்மையான இடத்தையும் வெளிவிளிம்பையும் விரும்பும். கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகளில் அதிகம் படியும். வளையத்தின் உட்பக்கத்தில் குறைவாகப் படியும். ஆகவே சராசரி ஒரு மைக்ரோன் என்றால் உட்பக்கத்தில் அதற்குக் குறைவாகவே இருக்கும். மோதிரங்களை நெருக்கமாகக் கோக்காமல் இடைவெளி விட்டு, தொட்டிக்குள் அசைத்துக்கொண்டிருந்தால் இந்த வித்தியாசம் குறையும்.

இரண்டாவது தடவை

திரும்பி வந்த மோதிரங்களோடு அதே பட்டறைக்கே போனேன். வேறு இடம் தேடியிருக்கலாம். ஆனால் அந்த இளைஞர் கணக்கைக் கேட்டதும் முகம் சுளிக்கவில்லை. "நாநா, எனக்கு யாரும் இதைச் சொல்லித்தரல்ல. நிறத்தைப் பாரு, எடுன்னுதான் சொல்லித்தந்தாங்க" என்றார். முதலில் பத்து மோதிரங்களை எடுத்தோம். பழைய முலாமை நீக்கி, மெருகிட்டு, கழுவிக் காயவைத்து நான் நிறுத்தேன். அவர் அரை அம்பியரில் வைத்தார். இந்தத் தடவை கைத்தொலைபேசியில் நேரம் பார்த்து மூன்றரை நிமிடம்.

அரை அம்பியர், 210 செக்கன், 105 கூலோம். கணக்குப்படி ஆகக் கூடியது 214 மில்லிகிராம். காய்ந்த பிறகு நிறுத்தபோது பத்து மோதிரமும் சேர்ந்து 0.93 கரட் கூடியிருந்தன. 186 மில்லிகிராம். நூற்றுக்கு 87. மிகுதியில் கொஞ்சம் குமிழியாகப் போனது, கொஞ்சம் தொங்கவிட்ட கம்பியில் ஏறியது. கம்பி மஞ்சளாக மாறியிருந்ததே அதற்குச் சாட்சி. சராசரித் தடிப்பு 0.96 மைக்ரோன். ஒரு மைக்ரோன் என்று சொல்லி விற்க இது போதாதா என்று அவர் கேட்டார். "பதினைந்து செக்கன் கூட வைங்க தம்பி" என்றேன். மற்ற எட்டுக்கும் அப்படியே செய்தார்.

கூலி கூடியது. கூடத்தான் செய்யும், தங்கம் ஆறு மடங்கு போகிறதல்லவா. ஆனால் இப்போது நாங்கள் பேசிக்கொள்வது "நல்ல முலாம்", "கனமான முலாம்" என்ற சொற்களில் அல்ல. மோதிரத்துக்கு எத்தனை மில்லிகிராம் என்பதில். விலையும் அதன்படியே. அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே வெள்ளியின் மேல் தங்கம் பூசியதை வர்மெயில் என்ற பெயரில் விற்க வேண்டுமானால், அந்நாட்டு வணிக ஆணைக்குழுவின் வழிகாட்டலின்படி 2.5 மைக்ரோன் இருக்க வேண்டும். என் மோதிர அளவுக்கு அது 48 மில்லிகிராம், ஏறக்குறைய கால் கரட். அந்தப் பெயரைப் போட்டு ஒரு மைக்ரோன் மோதிரத்தை அனுப்பினால் அங்கே சோதிக்கும்போது அகப்பட்டுக்கொள்வோம்.

இதை வாசித்துவிட்டு வீட்டுப் பின்புறத்தில் தொட்டி வைத்துப் பார்ப்போம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். சயனைட்டு உயிர்க்கொல்லி. அதில் அமிலம் கலந்தால் எழும் வாயு நிமிடங்களில் ஆளைச் சாய்க்கும். கழிவு நீர் கிணற்றில் சேர்ந்தால் ஊருக்கே ஆபத்து. போடுவதை அனுமதி பெற்ற பட்டறை போடட்டும். நம் வேலை கேட்பதும் நிறுப்பதும்.

மின்சாரத்தையே நிறுத்த காலம்

இந்தக் கணக்கை நம்பலாமா என்று யாராவது கேட்டால் அவருக்கு இரண்டு சம்பவங்களைச் சொல்வேன். 1880களில் நியூயோர்க்கில் எடிசன் வீடுகளுக்கு மின்சாரம் விற்கத் தொடங்கியபோது, இன்றைய மின்மானி கிடையாது. வீட்டுக்கு வீடு நாகத் தகடுகள் தோய்ந்த ஒரு சிறு போத்தலை வைத்தார்கள். மின்சாரத்தின் ஒரு சிறு பங்கு அதனூடே ஓடும். மாதத்துக்கு ஒரு முறை தகட்டை எடுத்துத் தராசில் நிறுத்து, நிறை எவ்வளவு மாறியது என்று பார்த்துத்தான் பில் போட்டார்கள். நாம் மின்சாரத்தைக் கொண்டு உலோகத்தைக் கணக்கிடுகிறோம். அவர்கள் உலோகத்தைக் கொண்டு மின்சாரத்தைக் கணக்கிட்டார்கள். விதி ஒன்றுதான்.

அதைவிடப் பெரியது, அம்பியர் என்ற அளவே ஒரு காலத்தில் தராசில்தான் இருந்தது. 1908ஆம் ஆண்டு இலண்டனில் கூடிய சர்வதேச மாநாடு, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலிலிருந்து செக்கனுக்கு 1.118 மில்லிகிராம் வெள்ளியைப் படியவைக்கும் மின்சாரமே ஓர் அம்பியர் என்று வரையறுத்தது. 1948 வரை அது நடைமுறையில் இருந்தது. வெள்ளியின் அணுநிறை 107.87. ஏற்றம் ஒன்று. அதை 96,485ஆல் வகுத்துப் பாருங்கள். அதே 1.118 வரும். நாடுகள் தங்கள் அளவையையே ஒப்படைத்த கணக்கு, நம் மோதிரத்துக்கு மட்டும் பிழைக்கப் போவதில்லை.

அளவையிலும் நிறுவையிலும் குறைப்பவர்களைப் பற்றி அல்குர்ஆனில் தனியாக ஓர் அத்தியாயமே உண்டு. கல்லை நிறுக்கும்போது அதை நாம் மறப்பதில்லை. கரட்டில் நூறில் ஒன்றுக்கும் பேரம் பேசுகிறோம். முலாம் பூசிய மோதிரத்தை விற்கும்போது மட்டும் "ஒரு மைக்ரோன்" என்ற சொல்லை நிறுக்காமல் வாங்கி, நிறுக்காமல் விற்றுவிடுகிறோம். நானும் அப்படித்தான் விற்றேன். எனக்குத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் பதினெட்டுப் பேர் காசு கொடுத்தது இல்லாத தங்கத்துக்கு. இப்போது என் கடையில் முலாம் மோதிரம் விற்கும்போது பில்லில் மைக்ரோனையும் மில்லிகிராமையும் எழுதிக் கொடுக்கிறேன். கேட்பவருக்குத் தராசையும் காட்டுகிறேன்.